‘ன்னு’ வருவதற்குள்

ராஜஸ்ரீ கரமனையில் பிறந்து கரமனையிலேயே வேறொரு தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள். நாற்பத்தெட்டு வயது. டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மருத்துவச் சொற்பொழிவு, சமையல், ஆவணப்படம் எது வந்தாலும் எழுதுவாள். கம்பெனி அந்தப் பிரிவை மூடியபின் வீட்டு மாடியறையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தாள். கணவர் ஸ்ரீநிவாஸ் டிரஷரியில் வேலை பார்ப்பவர். காலையில் அவர் பஸ் ஏறிப் போனதும் ராஜஸ்ரீ ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். மத்தியானம் அதைக் கழற்றும்வரை தெருவில் என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரியாது.

பிச்சுமணி மாமாவின் உபன்யாசத்துக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் வேண்டும் என்று அவருடைய மகன் கைலாஷ் அடிலெய்டிலிருந்து கூப்பிட்டபோது, அவள் உடனே ஒப்புக்கொண்டாள். மாமாவைத் தெரியாதவர் கரமனையில் கிடையாது. காலேஜில் சமஸ்கிருதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தெருவின் சபா மண்டபத்தில் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை பேசுவார். கடைசியாகப் பேசியது துக்கத்தைப் பற்றி. ஒன்றரை மணி நேரம். பழவங்காடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஷைஜு அதைப் பதிவு செய்திருந்தான். அதன்பின் ஒரு மாதத்தில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பிறர் சொல்வது புரியும். பதில் சொல்லத்தான் வாயில் வார்த்தை வராது.

"மித்தாலிக்குத் தமிழ் தெரியாது," என்றான் கைலாஷ். "அப்பா என்ன பேசினார்னு அவ கேக்கணும். அவளுக்காகத்தான்."

மித்தாலி அவன் மனைவி. கொல்கத்தாக்காரி. அதற்கு முந்தைய ஆண்டு அவர்களுக்குப் பிறந்த குழந்தை, ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வராமலேயே போய்விட்டது. அந்தச் செய்தி வந்தபிறகு மாமா பேசிய முதல் உபன்யாசம் இது. மருமகளின் பெயரை அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் யாருக்காகப் பேசுகிறார் என்று தெரிந்திருந்தது. கைலாஷும் மித்தாலியும் அடுத்த மாதம் வருவதாக இருந்தார்கள். அதற்குள் அவள் அதைப் பார்த்துவிட வேண்டும்.

ராஜஸ்ரீ கவனமாகத்தான் வேலை செய்தாள். உபன்யாசத்துக்கு ஆங்கிலம் எழுதுவது மற்ற எதற்கும் எழுதுவதுபோல் இல்லை. பேசுகிறவர் ஒரு மூச்சில் சுலோகம் சொல்வார், அடுத்த மூச்சில் வீட்டுத் தமிழில் அர்த்தம் சொல்வார், நடுவில் ஒரு வேடிக்கைக் கதைக்குப் போவார். திரையின் அடியில் இரண்டு வரிக்குமேல் வைக்கக் கூடாது. படித்து முடிக்க ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அது அங்கே நிற்க வேண்டும். எனவே எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு வரியிலும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. தர்மம், கர்மா போன்ற சொற்களை அவள் மாற்றவில்லை. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு அவை இப்போது பழக்கம். ‘பிராரப்தம்’ முதல் தடவை வந்தபோது ‘விதி’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டுப் பார்த்தாள். பிடிக்கவில்லை. "பிராரப்தம்னா தண்டனை இல்லை, தொடங்கிடுத்துன்னு அர்த்தம், அவ்வளவுதான்" என்று மாமாவே பின்னால் ஓரிடத்தில் சொல்லியிருந்தார். எனவே சொல்லை அப்படியே வைத்து, ‘ஏற்கெனவே தொடங்கிவிட்டது’ என்ற விளக்கத்தை முதல் முறை மட்டும் பக்கத்தில் சேர்த்தாள். சுலோகங்களைச் சாய்வெழுத்தில் வைத்தாள், மாமாவின் சொந்தப் பேச்சை நேரெழுத்தில். எது மேற்கோள், எது அவர் சொல் என்று பார்ப்பவருக்கு அதில் தெரிந்துவிடும்.

சுலோகங்களின் பொருளில் சந்தேகம் வந்தால் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருக்கும் சுசீலாபாய் டீச்சருக்கு ஃபோன் செய்வாள். மாமாவோடு ஒரே காலேஜில் வேலை பார்த்தவர். பதம் பதமாகப் பிரித்துச் சொல்வார். ஏறக்குறைய எல்லாச் சுலோகங்களையும் அப்படிச் சரிபார்த்தாயிற்று. ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அதன் பொருள் தனக்கே தெரியும் என்று ராஜஸ்ரீ நினைத்திருந்தாள்.

அந்தச் சுலோகம் உபன்யாசத்தின் பாதிக்கு மேல் வருகிறது. மாமா கண்ணை மூடிக்கொண்டு அதை மெதுவாக, இழுத்து, ராகத்தோடு சொல்கிறார். பிறகு தமிழில், "முன் ஜன்மத்துல பண்ணின துஷ்கிருதம். அதான் இந்த ஜன்மத்துல கொழந்தை தங்கலை" என்கிறார். நிறுத்துகிறார். செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறார். செம்பை வைத்து, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, சபையைப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் வாக்கியத்தை முடிக்கிறார். "ன்னு ஒரு சுலோகம் உண்டு. பெரியவா சொன்னது. இல்லைன்னு சொல்ல நேக்கு யோக்யதை இல்லை. ஆனா கொழந்தையைப் பறிகொடுத்தவ முன்னாடி நின்னுண்டு இதைச் சொல்ற வாய் நேக்கு வேண்டாம். அவ அழட்டும். பக்கத்துல போய் உக்காருங்கோ. அதாக்கும் தர்மம்."

ராஜஸ்ரீ அவர் பேசிய வரிசையிலேயே எழுதினாள். பேச்சு எங்கே நிற்கிறதோ அங்கே எழுத்தும் நிற்க வேண்டும், வாயில் வராததைத் திரையில் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது அவள் கம்பெனியில் பழகிய பாடம். வீடியோவில் பதிக்கச் சொல்லிக் கோப்பை ஷைஜுவுக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை கைலாஷ் கூப்பிட்டான். குரல் சரியாக இல்லை.

"ராஜி, நீ எழுதினதை மித்தாலி பாத்துட்டா."

"முழுசா பாத்தாளா? நன்னா இருந்துதா?"

"முழுசா இல்லை. ஷைஜு ஒரு துண்டு வெட்டிப் போட்டிருக்கான். ஃபேமிலி குரூப்ல யாரோ அனுப்பினா. அப்பா கண்ணை மூடிண்டு பாடறார். அடியில என்ன எழுதியிருக்கு தெரியுமா? தாய் பண்ணின பாவம், அதனால குழந்தை செத்துதுன்னு."



"அதுக்கு அப்பறம் மாமா வேற சொல்றாரே, கைலாஷ். அதை மறுத்துன்னா பேசறார்."

"எனக்குத் தெரியும். நான் அவளண்ட சொன்னேன். நீ உங்க அப்பாவைக் காப்பாத்தப் பாக்கறேங்கறா. அவளுக்குத் தமிழ் தெரியாது. எழுதியிருக்கறதைத்தான் நம்புவா. வர மாட்டேன்னுட்டா. டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொல்றா. அப்பாவால ஒரு வார்த்தை சொல்ல முடிஞ்சா போறும். அதான் இல்லையே."

ராஜஸ்ரீ பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பழவங்காடிக்குப் போனாள். கணபதி கோயில் முன்னால் தேங்காய் உடைக்கும் கூட்டத்தைத் தாண்டி, ஒரு துணிக்கடையின் மாடியில் ஷைஜுவின் ஸ்டுடியோ. அவன் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தான். மலையாளி, நாற்பது வயதிருக்கும், கல்யாண வீடியோ எடுத்துப் பேர் வாங்கியவன். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"சேச்சி, எந்து பற்றி? என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். அவன் உடனே கம்ப்யூட்டரைத் திறந்து சபாவின் இணையப் பக்கத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்துவிட்டான். எடுத்து என்ன பயன், நூறு பேர் ஏற்கெனவே அனுப்பியாயிற்று.

"ஞான் மோசமா ஒண்ணும் நெனைக்கலை சேச்சி. சார் ஆ சுலோகம் பாடினது கேட்டப்போ எனக்கே ரோமம் எழும்பிடுச்சு. நல்ல பாட்டு இருக்கே, எல்லாரும் கேக்கட்டும்னு கட் பண்ணினேன். சார் தண்ணி எடுத்துக் குடிச்சார். அங்க முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"அங்க முடியலை, ஷைஜு. ‘ன்னு’ பின்னால வரது."

"அது இப்போ மனசிலாச்சு."

"எனக்கு அந்தத் துண்டைக் காட்டு."

அவன் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். சாய்வெழுத்து எங்கேயும் இல்லை. வீடியோவில் எழுத்தைப் பதிக்கும் அவனுடைய சாஃப்ட்வேர் சாய்வை உதறிவிட்டிருந்தது. எல்லாமே நேரெழுத்து, எல்லாமே மாமாவின் வாயிலிருந்து வருவதுபோல. கண்ணை மூடிக்கொண்டு, நிம்மதியான முகத்தோடு, அவரே மருமகளைப் பார்த்துச் சொல்வதுபோல.

"மேற்கோள் குறி போட்டிருந்தா இது நடந்திருக்காது," என்றாள் ராஜஸ்ரீ, பாதி அவனிடமும் பாதி தனக்குத் தானேயும். "சாய்வை மட்டும் நம்பினேன்."

ஷைஜு தயங்கிவிட்டு, "சேச்சி, ஒரு கார்யம் பறயட்டா?" என்றான். "சார் தமிழ்ல அர்த்தம் பறஞ்சப்போ அம்மான்னு பறஞ்ச மாதிரி எனக்குக் கேக்கலை. இங்க எழுத்துல அம்மா இருக்கே."

ராஜஸ்ரீ அந்த இடத்தை மறுபடி ஓடவிடச் சொன்னாள். ‘முன் ஜன்மத்துல பண்ணின துஷ்கிருதம்.’ பண்ணியது யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. தமிழில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆங்கிலத்தில் யாராவது ஒருவர் பண்ணியாக வேண்டும். அந்த ஒருவரை அவள்தான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

"சுலோகத்துல இருக்கும்," என்றாள். சொல்லும்போதே அவளுக்கு நிச்சயம் இல்லை.

கீழே இறங்கி, துணிக்கடை வாசலில் நின்றபடியே சுசீலாபாய் டீச்சருக்கு ஃபோன் செய்தாள். சுலோகத்தைச் சொன்னாள். டீச்சர் அதை ஒருமுறை முழுக்கத் திரும்பச் சொன்னார். பிறகு பிரிக்க ஆரம்பித்தார்.

"‘யஹ்’னு தொடங்குது அல்லே? ‘யார் ஒருவர்’. ஆண்பால் சொல், ஆனா யாரானாலும்னுதான் பொருள். துஷ்கிருதம், தப்பாச் செஞ்ச செயல். பாவத்துக்கு இங்கிலீஷ்ல போடற சொல் இருக்கே, அதுக்குள்ள கடவுளுக்கு எதிரான குத்தம்ங்கிற அர்த்தமெல்லாம் வரும். இங்க அது கிடையாது. பின்னே, சந்ததி நிலைக்காது. அவ்வளவுதான் விஷயம்."

"தாய்னு ஏதாவது சொல் இருக்கா டீச்சர்?"

"மாதாவும் இல்ல, ஜனனியும் இல்ல. எங்கேருந்து வரும்? நீ எப்படி எழுதினே?"

ராஜஸ்ரீ, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

எங்கேருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேர் வைப்பதற்குள் போய்விட்டது. அதற்கப்புறம் பிறக்கவில்லை. எல்லாம் முடிந்து, அவள் சமையலறையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தபோது, ஸ்ரீநிவாஸின் அத்தை இந்தச் சுலோகத்தைத்தான் சொன்னாள். அர்த்தமும் சொன்னாள். அம்மா பண்ணின பாவம் குழந்தை தலையில் விடியும் என்று. குரலை உயர்த்தாமல், அப்பளம் இட்டுக்கொண்டே சொன்னாள். ராஜஸ்ரீ அதை யாரிடமும் சொன்னதில்லை. இருபது வருஷமாக அந்தச் சுலோகத்துக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அதுதான். மற்ற எல்லாவற்றையும் டீச்சரிடம் கேட்டவள் இதை மட்டும் கேட்காமல் எழுதிவிட்டாள். அவளுக்கு அத்தை செய்ததை, அவள் இன்னொரு பெண்ணுக்குச் செய்துவிட்டாள், அதுவும் மாமாவின் வாயை வைத்து.

அங்கிருந்து நேரே மாமா வீட்டுக்குப் போனாள். மாமி சூடாமணி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"கைலாஷ் கூப்பிட்டான்," என்றாள் மாமி. "நீ எழுதினதாமே."

"ஆமாம் மாமி."

"அந்தப் பொண்ணு வரான்னு இவர் ஒரு மாசமா காலண்டரைப் பாத்துண்டு இருக்கார். இன்னிக்கிக் காலம்பற நான் சொன்னேன், அவ வரலையாம்னு. மூஞ்சியைச் சொவத்துப் பக்கம் திருப்பிண்டுட்டார். காப்பிகூட வேண்டாம்னுட்டார். ‘இதைச் சொல்ற வாய் நேக்கு வேண்டாம்’னு அத்தனை பேர் முன்னாடி சொன்னார். வாயே போயிடுத்து. போன வாயில கொண்டுபோய் நீ இதை வச்சுட்டயே."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டாள்.

மாமா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். ராஜஸ்ரீ பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். ஷைஜு வெட்டியதையும் சாய்வெழுத்து போனதையும் முதலில் சொன்னாள். பிறகு, "அம்மாங்கற சொல் சுலோகத்துல இல்லை மாமா. நான்தான் போட்டேன்," என்றாள். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய வீட்டில் நடந்தது இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அந்தச் சுலோகத்தையே எழுத்துல விட்டுடறேன்," என்றாள் அவள். "சமஸ்கிருதச் சுலோகம்னு மட்டும் போட்டுடறேன். அர்த்தம் வேண்டாம். அவ படிக்க வேண்டாம்."

மாமாவின் இடது கை எழும்பியது. வேண்டாம் என்று அசைந்தது.

"அப்போ கொஞ்சம் மென்மையா? விதிங்கற மாதிரி?"

கை மறுபடி அசைந்தது. அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல முயன்று வெறும் ஓசை வந்தது. மறுபடி முயன்றார். மாமி ஓடிவந்து, "வேண்டாம், சிரமப்படாதேங்கோ" என்றாள். அவர் கண்ணை மூடினார். பிறகு, அந்த இருவரும் எதிர்பார்க்காதபடி, பாடினார். அதே சுலோகம், அதே ராகம். ‘காப்பி’ என்று சொல்ல முடியாத வாயிலிருந்து அந்தச் சுலோகத்தின் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது. பேச்சு போனவர்களுக்கும் மனப்பாடமான பாட்டும் ஜபமும் சிலசமயம் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். படுத்தபின் அவர் பாடி மாமி அதுவரை கேட்டதில்லை.

சுலோகம் முடிந்தது. அதற்கடுத்து வர வேண்டியது அவருடைய சொந்த வாக்கியம். ‘ன்னு ஒரு சுலோகம் உண்டு.’ உதடு அசைந்தது. வரவில்லை. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் இடது கையை எடுத்து, எச்சில் தட்டை நகர்த்துவதுபோல, எதையோ தன்னிடமிருந்து அப்பால் தள்ளினார். பிறகு அதே கையால் பக்கத்தில் கட்டிலை இரண்டு தட்டு தட்டினார். இங்கே உட்கார் என்பதுபோல.

ராஜஸ்ரீக்குப் புரிந்தது. மறுக்கிறதாக இருந்தால் அதை முழுதாகச் சொல்லிவிட்டு மறுக்க வேண்டும். பாதி மறைத்து வைத்துக்கொண்டு மறுத்தால் அது மறுப்பு ஆகாது.

"நீங்கோ சொல்றதுக்கு முன்னாடியே, இது ஒரு சுலோகம் சொல்றதுன்னு நான் எழுத்துல சொல்லிடட்டுமா மாமா? உங்க வாயில அப்பறம்தான் வரும்."

அவர் தலையை அசைத்தார். ஆமாம்.

அன்று மத்தியானம் அவள் அந்த இடத்தைத் திரும்ப எழுதினாள். ஒன்றரை நிமிஷம்கூட இல்லாத பகுதிக்குச் சாயங்காலம்வரை ஆயிற்று. சுலோகம் தொடங்கும் முன் அவர் மூச்சு இழுக்கும் இடைவெளி இருந்தது. அதிலேயே ‘இப்படி ஒரு பழைய சுலோகம் உண்டு’ என்ற வரியை வைத்தாள். சுலோகத்தின் வரிகளை மேற்கோள் குறிக்குள் வைத்தாள், திரையில் மாறும் ஒவ்வொரு வரிக்கும் குறியைத் தனியாகத் திறந்து மூடி. எந்த இடத்தில் யார் வெட்டினாலும் அது மேற்கோள் என்று தெரிய வேண்டும். பாவத்துக்கு அவள் போட்டிருந்த ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு, ‘தவறான செயல்’ என்ற எளிய பொருளை வைத்தாள். தாய் போனாள். ‘யார் ஒருவர்’ வந்தது. அவர் தமிழில் அர்த்தம் சொல்லும் இடத்தில், ‘அந்தச் சுலோகம் சொல்கிறது’ என்று மறுபடி போட்டாள். அவர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் திரை வெறுமையாக இருந்தது. அதை அப்படியே விட்டாள். ‘ன்னு’ வரும் இடத்தில், ‘இதைத்தான் அந்தச் சுலோகம் சொல்கிறது’ என்று முடித்து, அவருடைய மறுப்பை ஒரு சொல்லையும் சுருக்காமல் எழுதினாள். அதற்கு நேரம் போதாமல் அடுத்து வந்த சின்ன வேடிக்கை ஒன்றைப் பலிகொடுக்க வேண்டியிருந்தது.

எழுதியதை சுசீலாபாய் டீச்சருக்கு ஃபோனில் படித்துக் காட்டினாள். டீச்சர் ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொன்னார். "இப்போ சரி," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. ஷைஜு இந்த முறை எழுத்தைப் பதித்ததும், வெளியே போடாமல், அவளுக்கே அனுப்பிப் பார்க்கச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கைலாஷின் ஃபோனிலிருந்து வீடியோ காலில் மித்தாலியிடம் பேசினாள். கைலாஷ் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மித்தாலியின் முகம் தூங்காத முகமாக இருந்தது. ராஜஸ்ரீ ஆங்கிலத்தில் பேசினாள். வெட்டியது ஷைஜு என்று தொடங்கவில்லை. "நீங்கள் படித்தது நான் எழுதியது," என்றாள். "உங்கள் மாமனார் அதைச் சொல்லவில்லை."

"அவர் பாடுவதை நானே பார்த்தேன்."

"பாடினார். ஒரு பழைய சுலோகம். அதை மறுப்பதற்காகப் பாடினார். தமிழில் ‘என்று சொல்கிறார்கள்’ என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் துண்டு முடிந்துவிட்டது. அதை நான் முன்னால் கொண்டுவந்திருக்க வேண்டும்."

மித்தாலி பின்னால் நின்ற கைலாஷை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொன்று. அந்தச் சுலோகத்திலேயே தாய் என்ற சொல் இல்லை. அவரும் சொல்லவில்லை. அதைச் சேர்த்தது நான்."

"ஏன்?"

அந்த ஒரு சொல்லுக்கு ராஜஸ்ரீ ராத்திரியெல்லாம் பதில் தேடியிருந்தாள். வேலை அவசரம், கவனக்குறைவு என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகாது.

"எனக்கும் ஒரு குழந்தை போயிற்று," என்றாள். "அப்போது இந்தச் சுலோகத்தை எனக்குச் சொன்னவர்கள் தாய் என்று சேர்த்துத்தான் சொன்னார்கள். அது உள்ளேயே இருந்திருக்கிறது. எழுதும்போது அதுதான் வந்தது. நான் சரிபார்க்கவில்லை."

மித்தாலி திரையை விட்டுப் பார்வையை விலக்கினாள். பிறகு, "அனுப்புங்கள். பார்க்கிறேன்," என்றாள். கால் முடிந்தது. மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை.

ராஜஸ்ரீ ஃபோனைக் கீழே வைத்துத் திரும்பினாள். ஸ்ரீநிவாஸ் கையில் செய்தித்தாளோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தையா சொன்னா?"

"ஆமாம்."

"எங்கிட்ட நீ சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பேள்?"

அவர் யோசித்தார். "தெரியலை," என்றார் உண்மையாகவே. பிறகு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. செய்தித்தாளைப் பிரிக்காமலேயே வெகுநேரம் அங்கே இருந்தார்.

அடுத்த சில நாட்கள் அடிலெய்டிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. மாமி தினமும் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ராஜஸ்ரீ வேறொரு வேலையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தாள். பார்த்தாளா, பாதியில் நிறுத்தினாளா, பார்க்கவே இல்லையா, எதுவும் தெரியாது. கைலாஷைக் கூப்பிடலாம். கூப்பிட்டு வற்புறுத்துவது சரியில்லை என்று தோன்றியது.

வியாழக்கிழமை அவளுக்கு ஒரு சேதி வந்தது. கைலாஷிடமிருந்து அல்ல, மித்தாலியிடமிருந்து. முழு உபன்யாசத்தையும் இரண்டு முறை பார்த்தாளாம். ஒரு கேள்வி இருந்தது. ‘அவள் அழட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அனுமதி கொடுப்பதா, இல்லை, தடுக்காதீர்கள் என்று மற்றவர்களிடம் சொல்வதா?’

ராஜஸ்ரீ யோசித்துப் பதில் எழுதினாள். ‘மற்றவர்களிடம் சொல்வது. எங்களைப் பார்த்துத்தான் சொல்கிறார். நான் எழுதியதில் அது தெளிவாக இல்லை. மாற்றுகிறேன்.’ மாற்றினாள். ‘அவளை அழ விடுங்கள்’ என்று வரும்படி.

டிக்கெட்டை கேன்சல் செய்யவில்லை என்று அன்று சாயங்காலம் கைலாஷ் மாமியிடம் சொன்னான்.

அவர்கள் வந்த அன்று ராஜஸ்ரீ அந்தப் பக்கம் போகவில்லை. மறுநாள் மாமி ஆளனுப்பிக் கூப்பிட்டாள். போனபோது மித்தாலி மாமாவின் கட்டிலில், அவருடைய இடது கைப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மித்தாலி அழுதிருந்தாள் என்பது தெரிந்தது. மாமாவும்தான். கைலாஷ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மித்தாலி ராஜஸ்ரீயைப் பார்த்துத் தலையசைத்தாள். எழுந்திருக்கவில்லை, சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்து, கட்டிலின் ஓரத்தில் இடம் விட்டாள். ராஜஸ்ரீ அங்கே போய் உட்கார்ந்தாள்.

முழு உபன்யாசமும் இப்போது சபாவின் பக்கத்தில் இருக்கிறது. பழைய துண்டு இன்னும் எங்கோ யாருடைய ஃபோனிலாவது இருக்கத்தான் செய்யும். அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமாவுக்குப் பயிற்சியாளர் ஒருவர் வருகிறார். பாட்டாகத் தொடங்கி வார்த்தைக்கு இழுக்கும் பயிற்சி. இதுவரை நாலைந்து சொற்கள் வந்திருக்கின்றன. ராஜஸ்ரீ சபாவின் மற்ற உபன்யாசங்களுக்கும் எழுதுகிறாள். தனக்குத் தெரியும் என்று நினைக்கிற சுலோகத்தை முதலில் டீச்சரிடம் கேட்கிறாள்.